விழுந்த அன்று ஒன்றுமில்லை, ஐந்தாவது வாரம் கால் இழுக்கிறது: முதியவர்களின் மண்டையோட்டுக்குள் மெதுவாகச் சேரும் இரத்தம்

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டிருச்சாம்" என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால், அது நாலு வேறு வேறு சங்கதிகளில் எதுவாகவும் இருக்கலாம். மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிரஷர் கூடி மூளைக்குள்ளேயே குழாய் வெடிப்பதையும், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும் இரத்தப்பெருக்கையும் அதே வார்த்தையால்தான் சொல்கிறார்கள். நாலாவது ஒன்று உண்டு. அது வயதானவர்களுக்கு வருவது, மெதுவாக வருவது, சின்ன விழுகைக்குப் பிறகு வாரக்கணக்கில் கழித்து வருவது. மற்ற மூன்றோடும் சேர்த்துக் குழப்பப்படுவதால் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் இந்த நாலில் பெரும்பாலும் நன்றாகத் தேறி வீடு திரும்பக்கூடியதும் இதுதான். இந்தக் கட்டுரை அந்த நாலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறது.

விளக்கத்துக்காக ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற 74 வயது அம்மாயி. நெஞ்சு நோவுக்காக கிளினிக்கில் கொடுத்த அஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் இரவில் போடுகிறார். நவம்பர் 4ஆம் திகதி காலை, மழை விட்ட நேரம், பீலிக்கரைப் படியில் பாசி வழுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழுந்தார். பின்மண்டை படியில் லேசாகத் தட்டியது. மயக்கமில்லை, வாந்தியில்லை, இரத்தமில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு மதியம் சமைத்தார். மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். டிசம்பர் 10ஆம் திகதி, 36ஆவது நாள், எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கத்தில் அவரை வண்டியில் ஏற்றுகிறார்கள்.

இந்த 36 நாட்களுக்குள் மண்டையோட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

சிரட்டையும் கொப்பரையும்

இளந்தேங்காயை உடைத்தால் பருப்பு சிரட்டையோடு ஒட்டியிருக்கும். நன்றாக முற்றிக் காய்ந்த தேங்காயை ஆட்டிப் பாருங்கள். உள்ளே கொப்பரை கழன்று கடகடவென்று ஆடும். சிரட்டை சிறுக்கவில்லை, பருப்புதான் சுருங்கியது.

நம் தலையும் ஏறக்குறைய அப்படித்தான். மண்டையோடு வயதானாலும் அதே அளவில் இருக்கிறது. மூளை மட்டும் ஐம்பது அறுபது வயதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. இது நோயல்ல, நரை விழுவதைப் போன்ற இயல்பான மாற்றம். நீண்ட காலம் சாராயம் குடித்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் முன்கூட்டியே வருகிறது. சுருங்கிய இடத்தைத் தண்ணீர் போன்ற ஒரு திரவம் நிரப்பிக்கொள்ளும்.

மண்டையோட்டின் உட்பக்கத்தில் தோல்போலத் தடித்த ஓர் உறை ஒட்டியிருக்கிறது. அதற்கு டியூரா என்று பெயர். மூளையின் மேல்பரப்பிலிருந்து கழிவு இரத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய நாளங்கள், இடைவெளியைத் தாண்டிச் சென்று இந்த டியூராவில் இருக்கும் பெரிய வடிகாலில் சேர்கின்றன. இரு கரைக்கும் நடுவில் பாலம்போல நிற்பதால் இவற்றைப் பால நாளங்கள் என்கிறார்கள். மூளை சுருங்கி உள்ளே இறங்க இறங்க, இந்த நாளங்கள் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. துணி காயப்போடும் கொடி தொய்வாக இருந்தால் காற்றடித்தாலும் தாங்கும். விறைப்பாகக் கட்டிய கொடி ஒரு வெட்டு இழுப்பில் அறுந்துவிடும் அல்லவா? இந்த நாளங்களும் அப்படித்தான்.

அதனால்தான் விழுகை பெரிதாக இருக்கவேண்டியதில்லை. தலையில் அடிபட்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை. படியில் "தொப்" என்று உட்கார்ந்து விழுந்தாலே போதும். தலை ஒரு வெட்டு வெட்டும்போது மூளை உள்ளே ஆடி ஒரு பால நாளம் கீறிவிடலாம். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வது, பஸ் சடன் பிரேக் போடும்போது முன்சீட்டில் மோதுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆஸ்பத்திரியில் "விழுந்தாரா?" என்று கேட்கும்போது கணிசமான குடும்பங்கள் "இல்லை" என்று சொல்வது இதனால்தான். பொய் சொல்லவில்லை. விழுகை என்று எண்ணும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கீறிய நாளத்திலிருந்து வரும் இரத்தம் டியூராவுக்கு உட்பக்கம், மூளைக்கு வெளிப்பக்கம் பரவுகிறது. டியூராவுக்குக் கீழே என்ற பொருளில் இதைச் சப்டியூரல் இரத்தக்கசிவு என்கிறார்கள். மூளைத் திசுவுக்குள் இரத்தம் இறங்கவில்லை என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர்கள் ஏன் அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள் என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

அன்றைக்கே ஏன் தெரியவில்லை

முதல் காரணம், கசிவின் வேகம். இதயத்திலிருந்து வரும் குழாய் வெடித்தால் அழுத்தத்தோடு பீறிடும். பால நாளங்களோ திரும்பிப் போகும் இரத்தத்தைச் சுமப்பவை, அவற்றில் அழுத்தம் மிகக் குறைவு. சரியாக மூடாத பைப் சொட்டுவதுபோலக் கசிந்து, சில தேக்கரண்டி அளவோடு பெரும்பாலும் தானாக நின்றும்விடுகிறது.

இரண்டாவது காரணம், இடம். கண்டிக்குப் போகும் வேனை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி சீட் காலியாக இருக்கும்போது நாலு பேர் ஏறினால் யாருக்கும் தெரியாது. எல்லாச் சீட்டும் நிறைந்து, நடைபாதையும் நிறைந்த பிறகு ஏறும் ஒரே ஒருவர் எல்லோரையும் நசுக்குகிறார். மண்டையோடு விரிந்து கொடுக்காத வேன். அதற்குள் மூளையும் இரத்தமும் அந்தத் திரவமும் சேர்ந்து மொத்தம் சுமார் ஒன்றரை லீட்டர் இருக்கின்றன. புதிதாக ஏதாவது உள்ளே வந்தால் முதலில் திரவம் முதுகெலும்புப் பக்கமாக ஒதுங்கி இடம் கொடுக்கும். இளைஞர் ஒருவருக்கு அந்த உபரி இடம் குறைவு, அதனால் சீக்கிரமே தலையிடியும் வாந்தியும் வரும். வயதானவருக்குச் சுருங்கிய மூளையைச் சுற்றி நிறைய காலி சீட். நாளம் அறுவதற்குக் காரணமான அதே சுருக்கம், அறுந்த செய்தி வெளியே தெரியாமல் மறைக்கவும் செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வயதால் இடைவெளி கூடுகிறது, நாளம் இழுபடுகிறது, சின்ன அதிர்ச்சியில் கீறுகிறது, கொஞ்சம் கசிந்து நிற்கிறது, இடம் இருப்பதால் வலிகூட இல்லை. அம்மாயி மதியம் சமைத்தது இப்படித்தான்.

நின்ற கசிவு ஏன் வளர்கிறது

விஷயமறிந்தவர்கள்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. "அன்னைக்கு வடிஞ்ச ரத்தம் உள்ளேயே தங்கி, இப்போ வேலையக் காட்டுது" என்பார்கள். தங்கிய இரத்தம் அப்படியே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பலருக்கு உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிவிடுகிறது. சிலருக்கு அப்படி உறிஞ்சப்படாமல், அது வாரக்கணக்கில் பெருகுகிறது. இந்தப் பெருக்கம்தான் நோய்.

முழங்காலில் சிராய்த்த புண் ஆறும்போது என்ன நடக்கிறது? அடியில் சிவப்பாக ஈரமான புதுச்சதை வளரும். அதில் துணி பட்டாலே இரத்தம் கசியும். புதிதாக முளைத்த மெல்லிய இரத்தக் குழாய்கள் அதில் நிறைய இருப்பதும், அவற்றின் சுவர் இன்னும் பலப்படாததுமே காரணம். டியூராவுக்கு அடியில் தங்கிய இரத்தத்தையும் உடம்பு ஒரு புண்ணாகவே பார்க்கிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதன் வெளிப்பக்கத்தில் அப்படியொரு புதுச்சதைப் படலம் உருவாகிறது. மூன்று வாரமளவில் உட்பக்கத்திலும் மெல்லிய படலம் வந்து, இரத்தம் ஒரு பைக்குள் அடைபட்டதுபோல ஆகிவிடுகிறது.

இனி கசிவது பழைய பால நாளமல்ல. அந்தப் பையின் வெளிச்சுவரில் முளைத்த புதுக் குழாய்கள் கசிகின்றன. கசிந்த இரத்தம் அங்கே உறையவும் மாட்டேன் என்கிறது. உறைவைக் கரைக்கும் பொருட்களை அந்தப் படலமே சுரக்கிறது. கரைந்த உறைவின் துணுக்குகள் அடுத்த உறைவைத் தடுக்கின்றன. ஆறுவதற்காக எழுந்த சுவர் கசிகிறது, கசிந்தது அழற்சியைத் தூண்டுகிறது, அழற்சி இன்னும் புதுக் குழாய்களை வளர்க்கிறது. இந்த வட்டம் சுற்றச் சுற்ற, பைக்குள் இருப்பது உறைந்த கட்டியாக இல்லாமல் பழைய எஞ்சின் ஒயில் நிறத்தில் ஒரு திரவமாக மாறிக் கூடிக்கொண்டே போகிறது. மூன்று வாரத்தைத் தாண்டிய இந்த நிலைக்கு நாட்பட்ட சப்டியூரல் இரத்தத் திரட்சி என்று பெயர்.

ஏன் "வாரங்கள்" என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. படலம் உருவாக வாரங்கள் வேண்டும். அது கசிந்து கசிந்து காலி சீட்டையெல்லாம் நிரப்ப மேலும் வாரங்கள் வேண்டும். அதனால்தான் அறிகுறிகள் வழக்கமாக விழுந்து 3 வாரத்துக்கும் 3 மாதத்துக்கும் இடையில் வருகின்றன. அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாத மாத்திரைகளும், வோபரின் போன்ற இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரைகளும் இந்தக் கசிவை நிற்கவிடாமல் செய்கின்றன. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்பவர்களுக்கும், ஈரல் கெட்டவர்களுக்கும் இதே ஆபத்து கூடுதல்.

அம்மாயியின் 36 நாட்கள்

நவம்பர் 4 முதல் 25 வரை அவரிடம் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே படலம் கட்டிக்கொண்டிருந்தது.

26ஆம் திகதியளவில் காலையில் எழும்போது தலையிடி. கடையில் வாங்கிய மாத்திரையில் குறைந்தது. படுத்தே இருக்கும்போது தலைக்குள் அழுத்தம் சற்றுக் கூடுவதால் காலையில் கடுமையாக இருப்பது இந்த வகைத் தலையிடியின் குணம். ஆனால் முதியவர்கள் பலருக்குத் தலையிடியே வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "தலைவலி இல்லையே, அப்போ தலையில ஒன்னுமில்ல" என்று முடிவுகட்டினால் தவறிப்போவீர்கள்.

டிசம்பர் முதல் வாரம் சின்னச் சின்ன மாற்றங்கள். இடது காலில் போட்ட செருப்பு மட்டும் வழியில் கழன்று நின்றது. இடது கையில் பிடித்த பிளேன்டீ கோப்பை இரண்டு தடவை சரிந்தது. அடுப்பில் வைத்த பானையை மறந்தார். பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த நாள் தெளிவாகப் பேசினார், வீட்டார் நிம்மதியானார்கள். அதற்கடுத்த நாள் மறுபடியும் குழப்பம்.

இப்படி ஏறி இறங்குவதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே திசையில் போகும். பாரிசவாதம் நிமிடங்களில் அடித்து, எந்தக் கணத்தில் வந்தது என்று சொல்லும்படி இருக்கும். நாட்களிலும் வாரங்களிலும் கூடி, இடையில் ஒரு நாள் நன்றாக இருந்து, மறுபடி மோசமாகும் குழப்பமோ நடைத் தடுமாற்றமோ வந்தால் முதலில் நினைக்கவேண்டியது இந்தத் திரட்சியைத்தான். "வயசாயிருச்சுல்ல" என்ற வார்த்தை இந்த இடத்தில் மிக ஆபத்தானது. காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகளும் உண்டு. மந்திரித்த மறுநாள் தற்செயலாக அவருக்குத் தெளிவு வந்தால், அந்த நம்பிக்கை இன்னும் ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

8ஆம் திகதி படுக்கையில் தெரியாமல் சிறுநீர் போனது. 10ஆம் திகதி எழுப்ப முடியாத தூக்கம். வேனில் கடைசி இடமும் நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இது. இதற்குப் பிறகு மணிக்கணக்கு முக்கியம்.

இடப்பக்கம் பலவீனம் என்றால் திரட்சி பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் மூளையின் வலப்பாதிதான் உடம்பின் இடப்பாதியை ஆள்கிறது. திரட்சி இடப்பக்கம் இருந்தால் வலது கை பலவீனத்தோடு பேச்சும் குழறலாம், சொல்ல வந்த வார்த்தை கிடைக்காமல் போகலாம். இரண்டு பக்கமும் இருந்தால் ஒருபக்கப் பலவீனமே தெரியாது. நடை மட்டும் தளர்ந்து, ஆள் மந்தமாகிப் போவார். இதுதான் அதிகம் தவறவிடப்படும் வகை.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியது

அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருவர் விழுந்தால் சுவர்க் காலண்டரில் அந்தத் திகதியை வட்டமிடுங்கள். அங்கிருந்து 12 வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடம் செலவிட்டு அவரைக் கவனியுங்கள்.

முதலில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை வானத்தைப் பார்க்கவேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை மெல்லக் கீழிறங்கி, உள்ளங்கை உட்பக்கமாகத் திரும்பினால் அந்தக் கையில் பலவீனம் இருக்கிறது. "கையில் சக்தியில்லை" என்று அவரே உணர்வதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அவர் பார்த்துப் பார்த்துக் கையைச் சரிசெய்துகொள்வார். அதனால் கண் மூடுவது கட்டாயம். அடுத்து இஸ்தோப்பில் பத்தடி நடந்து திரும்பச் சொல்லுங்கள். ஒரு கால் தரையை உரசுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பாருங்கள். கடைசியாக இன்றைக்கு என்ன கிழமை, நேற்று இரவு என்ன சாப்பிட்டார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். சோதிப்பதுபோலக் கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், சரியான பதிலும் வராது.

மூன்றும் சரியாக இருந்தால் திரட்சி இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. போன வாரம் இருந்த ஆளுக்கும் இந்த வாரம் இருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. வித்தியாசம் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே காட்டவேண்டும். எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கம் விழுந்துபோவது என்றால் 1990 இலவச அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வோபரின் எடுப்பவர் தலை அடிபட விழுந்தால் இந்த 12 வாரக் கணக்கெல்லாம் பிறகு. நன்றாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அங்கே செய்வார்கள். பயந்துபோய் அஸ்பிரினையோ வோபரினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வேறொரு ஆபத்து வரலாம். அந்த முடிவை டொக்டர் எடுக்கட்டும். இன்னொன்று: விழுந்த பிறகு வரும் தலையிடிக்குக் கடையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் பல அஸ்பிரின்தான். பெரசிட்டமோல் போதும். அதுவும் தலையிடி தொடர்ந்தால் மாத்திரையால் சமாளிக்கும் விஷயமல்ல இது.

டொக்டரிடம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம்

தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "அம்மாவுக்கு ஏலாம இருக்கு, தலைசுத்துது" என்றால் பிரஷர் பார்த்து அனுப்பிவிடுவார். "நவம்பர் 4ஆம் திகதி படியில் விழுந்தார், அஸ்பிரின் எடுக்கிறார், ஒரு வாரமாக இடது கால் இழுக்கிறது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம்" என்று சொன்னால் கதையே மாறிவிடும். விழுந்த திகதி, மாத்திரையின் பெயர், மாற்றம் தொடங்கிய நாள், அது எப்படிக் கூடிக் குறைகிறது என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பெரியவரோடு வரும் ஆள் தினமும் அவரோடு இருப்பவராக இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து நேற்று வந்த மகனுக்குச் செருப்பு கழன்ற கதை தெரியாது.

இது முக்கியமாவதற்கு மலையகத்தில் ஒரு காரணம் கூடுதலாக உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் சி.டி. ஸ்கேன் இல்லை. மண்டையைத் திறக்கும் ஒபரேஷனுக்கு கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கே மாற்றவேண்டியிருக்கும். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அந்த வளைவுப் பாதையில் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். ஆள் நடந்து வரும் நிலையிலேயே அந்தப் பயணம் தொடங்கவேண்டும்.

ஸ்கேன் படத்தில் என்ன தெரியும்

சி.டி. படத்தில் புது இரத்தம் வெள்ளையாகத் தெரியும். நாள் ஆக ஆக நிறம் மங்கி, ஓரிரு வாரங்களில் மூளையின் சாம்பல் நிறத்துக்கே வந்து, மூன்று வாரத்தைத் தாண்டியதும் மூளையைவிடக் கறுப்பாகிவிடுகிறது. வடிவம் மூளையின் மேற்பரப்பை ஒட்டிப் பிறைபோல வளைந்திருக்கும். அம்மாயியின் படத்தில் வலப்பக்கம் 22 மில்லிமீட்டர் தடிப்பில் கறுத்த பிறை, அதன் அடிப்பகுதியில் புதுக்கசிவைக் காட்டும் வெளிறிய படிவு. மூளையின் நடுக்கோடு 9 மில்லிமீட்டர் இடப்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. ஒரு பிளேன்டீ கோப்பையில் முக்கால்வாசி வரும் அளவு திரவம் உள்ளே இருந்தது.

இரண்டு இடத்தில் படம் ஏமாற்றும். விழுந்த அன்றே எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம், ஏனெனில் பை இன்னும் உருவாகவில்லை. "அப்பவே ஸ்கேன் எடுத்தோம், ஒன்னுமில்லன்னாங்க" என்பது ஐந்தாவது வாரத்துக்குச் செல்லுபடியாகாது. மூளையின் நிறத்திலேயே திரட்சி இருக்கும் அந்த இடைப்பட்ட நாட்களிலோ, இரு பக்கமும் சமமாக இருந்து நடுக்கோடு நகராதபோதோ, அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு அது தப்பிவிடும். "விழுந்தார்" என்ற தகவல் ஸ்கேன் துண்டில் எழுதப்பட்டிருந்தால் படம் பார்ப்பவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

மண்டையில் துளை

சிறியதாக, அறிகுறியில்லாமல் இருந்தால் ஒபரேஷன் வேண்டாம். சில வாரம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். கரைக்கும் மாத்திரை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அழற்சியைக் குறைக்கும் டெக்சாமெதசோன் மாத்திரையைப் பிரித்தானியாவில் பரிசோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அதை எடுத்தவர்களின் நிலை ஆறு மாதத்தில் எடுக்காதவர்களைவிட மோசமாகவே இருந்தது. அறிகுறி வந்துவிட்டால் திரவத்தை வெளியே எடுப்பதுதான் வழி.

"மண்டைய ஓபன் பண்ணுவாங்களாம், இந்த வயசுல தாங்குவாரா" என்ற பயத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. இது மண்டையோட்டைப் பெயர்த்து எடுக்கும் ஒபரேஷன் அல்ல. உள்ளே இருப்பது உறைந்த கட்டியாக இல்லாமல் திரவமாக இருப்பதால் ஒரு சிறு துளை போதுமாகிறது. அந்தப் பக்கத்து முடியை மழித்து, முழு மயக்கத்திலோ, உடல் தாங்காதவர்களுக்குத் தோலை மட்டும் மரக்கவைத்தோ, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றோ இரண்டோ துளைகள் போடுவார்கள். டியூராவைக் கீறியதும் அந்த ஒயில் நிறத் திரவம் தானே பாய்ந்து வரும். உடம்புச் சூட்டில் வைத்த உப்புநீரால், வெளிவருவது தெளியும்வரை கழுவுவார்கள். உறையவிடாத அந்தத் துணுக்குகளும் இதில் சேர்ந்து வெளியேறுகின்றன, அதனால் அந்தச் சுழல் வட்டமும் அறுபடுகிறது.

பிறகு மெல்லிய குழாயொன்றை உள்ளே விட்டு, தலைமட்டத்துக்குக் கீழே தொங்கும் பையோடு இணைப்பார்கள். ஏறக்குறைய 48 மணி நேரம் அது இருக்கும். இந்தக் குழாயை அலட்சியமாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் செய்து 2009இல் வெளியான ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 வீதமானோருக்குத் திரட்சி மறுபடி வந்தது. குழாய் வைத்தவர்களில் 9.3 வீதமாகக் குறைந்தது. குழப்பத்தில் இருக்கும் பெரியவர் தலையில் ஏதோ இருக்கிறதே என்று அதை இழுத்துப் பிடுங்கிவிடுவார். வோட்டில் பக்கத்தில் இருப்பவர் அந்த இரண்டு நாளும் அவர் கையின் மீது ஒரு கண் வைத்திருந்தால் போதும். பையைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவும் கூடாது. உயர்த்தினால் வெளியேறிய திரவம் திரும்பி ஓடும்.

அம்மாயி மறுநாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். மூன்றாம் நாள் இடது கையால் கோப்பையைப் பிடித்தார். மூளைக்குள் எதுவும் அழியவில்லை, வெளியிலிருந்து நசுக்கப்பட்டிருந்தது மட்டும்தான் என்பதால் இந்த வேகம். எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. நீண்ட நாள் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தவர்களுக்கும், இதயமும் சுவாசமும் முன்பே பலவீனப்பட்டவர்களுக்கும், படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டியவர்களுக்கும் கதை வேறாக முடிவதுண்டு.

சுருங்கிய மூளை உடனே விரிந்து பழைய இடத்தை நிரப்புவதில்லை. காலியிடம் இன்னும் இருக்கிறது, புதுச்சதைப் படலமும் அங்கேயே ஒட்டியிருக்கிறது. அதனால் மறுபடி சேரும் ஆபத்து முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். அஸ்பிரினை எப்போது மீண்டும் தொடங்குவது என்று ஒபரேஷன் செய்த டொக்டரிடம் திகதி கேட்டு, அதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைப் பெட்டியை அதுவரை எடுத்து ஒதுக்கிவையுங்கள். ஒபரேஷன் நடந்த நாளைக் காலண்டரில் புதிதாக வட்டமிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து 12 வரை வாரங்களை எண்ணத் தொடங்குங்கள். இந்த முறை இரண்டு கைகளையும் ஒரேமாதிரி கவனியுங்கள், ஏனென்றால் அடுத்த கசிவு மற்றப் பக்கத்திலும் வரலாம்.